புற்றுநோய் என்று தெரிந்த பிறகு வரும் பயமும் மனச்சோர்வும்: வடசென்னைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுன்னு பயாப்ஸி ரிப்போர்ட் வந்து பத்து நாள் ஆகுது. சரியா சாப்பிடல, தூங்கல, நினைச்சு நினைச்சு அழறாங்க. மனநல டாக்டரைப் பார்க்கணுமா?

பத்து நாளில் பெரும்பாலும் தேவைப்படாது. ரிப்போர்ட் கைக்கு வந்த நாளுக்கும் முதல் கீமோ அல்லது அறுவை சிகிச்சை நடக்கும் நாளுக்கும் நடுவில் உள்ள காலம்தான் பலருக்கும் மிகக் கடினமானது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, இதய எக்கோ என்று அலைச்சல் இருக்கும். ஆனால் இன்ன தேதியில் இன்னது நடக்கும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மனம் அந்தக் காலி இடத்தை மோசமான கற்பனைகளால் நிரப்பிக்கொள்ளும். அதனால் இந்தக் கட்டத்தில் முதல் மருந்து தகவல்தான். எத்தனை கீமோ, எத்தனை நாளுக்கு ஒருமுறை, அறுவை சிகிச்சை அதற்கு முன்னா பின்னா, கதிர்வீச்சு உண்டா என்று இந்த நான்கையும் டாக்டரிடம் கேட்டு, காலண்டரில் எழுதி மாட்டுங்கள். தேதி தெரிந்தவுடன் தூக்கம் கொஞ்சமாவது திரும்புவதைப் பார்க்கலாம்.

இயல்பான துக்கம் வரும், போகும். காலையில் அழுதவர் மத்தியானம் பேரப்பிள்ளை வந்தால் சிரிப்பார், குழம்பில் உப்பு குறைச்சல் என்பார். அந்த ஏற்ற இறக்கம் இருக்கும் வரை இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய எல்லா நாளும் அந்த வாட்டம் விலகாமலே இருந்தால் காட்ட வேண்டும்.

சில நிலைமைகளில் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. சாவைப் பற்றிப் பேசுவது, தண்ணீர்கூட வேண்டாம் என்பது, சிகிச்சைக்கு வர மாட்டேன் என்று பிடிவாதமாக மறுப்பது, திடீரென ஆள் அடையாளம் தெரியாமல் குழம்புவது, இதற்கு முன்பே மனச்சோர்வுக்கு மருந்து எடுத்திருப்பது ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கீமோ போட்டாலே சோர்வா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. அப்போ இது உடம்புச் சோர்வா, மனச்சோர்வான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மற்ற எதையும்விட இது அதிகம் தவறிப்போகும் இடம். பசியின்மை, தூக்கமின்மை, அசதி ஆகிய மூன்றும் கீமோவிலும் வரும், மனச்சோர்விலும் வரும். அதனால் வீட்டிலுள்ளவர்களும் சில நேரம் டாக்டர்களும் எல்லாவற்றையும் கீமோவின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நோயாளியும் 'மனசு சரியில்லை' என்று சொல்வதில்லை. 'நெஞ்சு படபடங்குது, கை கால் அசந்து போவுது' என்றுதான் சொல்வார். பதிலுக்கு ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கப்படும்.

பிரித்துப் பார்க்க எளிய வழி, கீமோவின் நாள்கணக்கோடு மனநிலையை ஒட்டிப் பார்ப்பது. ஒரு எடுத்துக்காட்டு: காசிமேட்டில் மீன் விற்கும் 49 வயதுப் பெண். மார்பகப் புற்றுக்கு 21 நாளுக்கு ஒருமுறை கீமோ. முதல் மூன்று நாள் வாந்தியைத் தடுக்க ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த நாள்களில் முகம் சிவந்து, தூக்கம் கெட்டு, சற்றுப் பரபரப்பாகவே இருப்பார். நான்காம் நாள் ஸ்டீராய்டு நின்றதும் சட்டென்று கீழே விழுந்த மாதிரி ஆகும். நான்கிலிருந்து ஏழு வரை அசதியும் அழுகையும் சேர்ந்து வரும். எட்டிலிருந்து பதினான்கு வரை வெள்ளை அணுக்கள் குறையும் காலம், கூட்டத்துக்குப் போகக் கூடாது, வீட்டிலேயே முடங்கல். பதினைந்தாம் நாளுக்குப் பிறகு உடம்பு மெல்லத் தேறி, இருபதாம் நாள் ஓரளவு பழைய ஆளாக இருப்பார்.

முதல் சுற்றில் இவர் பதினாறாம் நாள் வாசலில் வந்து உட்கார்ந்து, வஞ்சிரம் இன்று என்ன விலைக்குப் போச்சு என்று விசாரித்தார். மூன்றாம் சுற்றில் அதே பதினாறாம் நாள் பசி திரும்பிவிட்டது, மாடிப்படி ஏற முடிகிறது. ஆனால் விலை கேட்கவில்லை. தனது கூடையை யார் எடுத்துப் போகிறார்கள் என்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்தபோது தூங்குகிற மாதிரி திரும்பிப் படுத்துக்கொண்டார். 'என்னால எல்லாருக்கும் செலவு' என்ற பேச்சு தினமும் வருகிறது. உடம்பு தேறிய வாரத்திலும் மனம் தேறவில்லை என்றால் அது கீமோ அசதி இல்லை, மனச்சோர்வு.

வெறும் அசதியில் ஆசை இருக்கும், தெம்பு இருக்காது. 'போகணும்னு இருக்கு, முடியல' என்பார்கள். மனச்சோர்வில் தெம்பு வந்தாலும் ஆசை வராது. கூடவே குற்றவுணர்வு, தான் பாரம் என்ற எண்ணம், ஆட்களைத் தவிர்ப்பது, எந்த நல்ல செய்திக்கும் முகம் மாறாமல் இருப்பது ஆகியவை சேரும். இவற்றை எந்தக் கீமோ மருந்தின் கணக்கிலும் எழுத முடியாது.

ஒரு நோட்டு போதும். கீமோ நாளை 1 என்று எண்ணி, தினமும் இரவு ஏழு மணிக்கு மூன்றே விஷயம் எழுதுங்கள்: நேற்று எத்தனை மணி நேரம் தூக்கம், இன்று படுக்கையை விட்டு எத்தனை மணி நேரம் எழுந்திருந்தார், ஏதாவது ஒன்றில் மனம் ஒட்டியதா. கடைசிக் கேள்விக்கு ஆம், இல்லை போதும். இரண்டு சுற்று, 42 நாள் எழுதினால் மிகத் தெளிவாகத் தெரியும். ஒரு சுற்றிலேயே பதினைந்து முதல் இருபத்தொன்று வரை 'இல்லை' என்றே வந்தால் இரண்டாவது சுற்றுக்குக் காத்திருக்க வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் மனச்சோர்வு போலவே தோன்றும். அவற்றுக்கு மருந்து வேறு.

நர்ஸ் ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாள் கொடுத்தாங்க. அம்மாவுக்கு 16 மார்க் வந்துச்சு. பயப்படணுமா?

அந்தத் தாளுக்கு PHQ-9 என்று பெயர். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் மனநலப் பிரிவில் காட்டுவது வழக்கம். ஆனால் புற்றுநோயாளிக்கு மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன பெண்ணின் 16 இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: எதிலும் ஆர்வமில்லை 3, மனம் வாடியிருக்கிறது 2, தூக்கம் 3, அசதி 3, பசி 2, தன்னைப் பற்றித் தாழ்வான எண்ணம் 2, கவனம் 1, மற்ற இரண்டும் 0. தூக்கம், அசதி, பசி மூன்றையும் கீமோவுக்கே விட்டுக்கொடுத்தால் 8 போகும். மிச்சம் 8 அப்படியே நிற்கிறது, அதில் ஆர்வமின்மைக்கு மட்டும் முழு மூன்று. இது நிச்சயமாகச் சிகிச்சை தேவைப்படும் 16.

இன்னொருவருக்கு 13 வருகிறது: தூக்கம் 3, அசதி 3, பசி 3, உடலசைவு மந்தம் 2, கவனம் 1, மனவாட்டம் 1, மற்றவை 0. இதில் மனத்துக்கே உரியது மிகக் குறைவு. இவருக்கு முதலில் வாந்தியையும் வலியையும் ரத்த அளவையும் கவனித்துவிட்டு, அடுத்த கீமோவுக்கு முந்தைய நாள் அதே தாளை மறுபடி நிரப்பிப் பார்ப்பது நல்லது. கீமோ போட்ட ஐந்தாம் நாளில் நிரப்பினால் யாருக்கும் எண் கூடத்தான் செய்யும்.

ஒன்பதாவது கேள்வி மட்டும் இந்தக் கணக்கில் சேராது. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது அது. மொத்தம் 4 ஆக இருந்தாலும், அந்த ஒரு கேள்விக்கு 1 வந்தால் அன்றைக்கே யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு மகன் அல்லது மருமகள் கேள்வியைப் படித்துக் காட்டும்போது இந்தக் கேள்விக்கு உண்மை வருவது கடினம். நர்ஸையோ மனநல ஆலோசகரையோ தனியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மனநலப் பிரிவுக்குப் போனா 'கீழ்ப்பாக்கம் கேஸ்'னு பேசுவாங்களே. எங்க போறது, எப்படிக் கேட்கிறது?

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இலிருந்து இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரே வசையாகிப்போனது நம் சென்னையின் துரதிர்ஷ்டம். ஆனால் புற்றுநோயோடு வரும் மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் அங்கே போக வேண்டிய தேவையே வராது. பழைய ஜெயில் ரோட்டில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும், சென்ட்ரல் பக்கத்து ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் கண், காது, எலும்பு மாதிரி மனநலமும் ஒரு புறநோயாளிப் பிரிவு. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை உண்டு. எங்கே கீமோ போடுகிறார்களோ அங்கேயே கேட்பதுதான் சரி. ஏனென்றால் அங்குள்ள மனநல மருத்துவர் கேஸ் ஷீட்டைப் பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும் மருந்துகளோடு ஒத்துப்போகிற மாதிரி எழுதுவார்.

கேட்பதற்கு நல்ல நேரம், கீமோவுக்கு முன் டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்க்கும் நேரம். வரிசை நீளமாக இருக்கும், இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். 'அம்மா டல்லா இருக்காங்க' என்றால் 'கீமோல அப்படித்தாம்மா இருக்கும்' என்று பதில் வந்து முடிந்துவிடும். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லுங்கள்: 'டாக்டர், மூணு வாரமா எதுலயும் ஆர்வமில்ல. உடம்பு தேறுன வாரத்துலயும் அப்படியேதான் இருந்தாங்க. நான் பாரம்னு சொல்றாங்க. மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்க.' எத்தனை நாளாக, உடம்பு தேறியும் மாறவில்லை, என்ன வேண்டும் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. நோட்டையும் கையில் கொடுங்கள்.

எழுதிக் கொடுத்ததும் அன்றே போய்விடுவது நல்லது. அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவு காலை வேளையில்தான் நடக்கும். எண்ணூரிலிருந்தோ மணலியிலிருந்தோ இதற்காகவே இன்னொரு நாள் வருவது பெரும்பாலும் நடக்காமலே போகிறது. கீமோவுக்கு அம்மாவை உட்காரவைக்கும் முன் போக முடிகிறதா, அல்லது கீமோ நடக்கும் படுக்கைக்கே ஆலோசகர் வருவாரா என்று வார்டில் கேளுங்கள். கேஸ் ஷீட், எல்லா மாத்திரைகளின் அட்டைகள், கடைசி ரத்த ரிப்போர்ட் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும்.

போக முடியாத நாளில் 14416-க்குக் கூப்பிடலாம். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அந்த நேரத்துக் கலக்கத்துக்கு அது மிகவும் உதவும். ஆனால் கீமோ நோயாளிக்கு மருந்து தொடங்க நேரில் பார்ப்பதே நல்லது.

அங்கே பேசுவது வெளியே போகாது. மனநலச் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது நோயாளியின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

கவுன்சிலிங்ல என்னதான் செய்வாங்க? பேசினா புற்று போயிடுமா?

புற்று போகாது. ஆனால் ஆறாவது கீமோ வரை வந்து சேர வைக்கும். மனச்சோர்வு உள்ளவர்கள் நடுவில் சிகிச்சையை விட்டுவிடும் வாய்ப்பு கூடுதல்.

பொதுவாக ஆறு முதல் எட்டு சந்திப்புகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்பது வழக்கமான அளவு. கூட்டம் மிகுந்த இடத்தில் இருபது நிமிடம்தான் கிடைக்கும், அதுவும் பயன்படும். முதல் சந்திப்பில் நோயைப் பற்றி என்ன புரிந்து வைத்திருக்கிறார் என்று கேட்பார்கள். பயத்தில் பாதி அங்கேயே வெளியே வரும்: முடி கொட்டினால் திரும்ப முளைக்காது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பவை மாதிரி. இவை தவறு என்று டாக்டர் வாயால் கேட்டதுமே சிலருக்குப் பெரிய பாரம் இறங்கும்.

மனச்சோர்வுக்கு அவர்கள் கையாளும் முக்கியமான வழி, மனம் வரட்டும் என்று காத்திருக்காமல் செயலை முதலில் தொடங்குவது. மீன்காரப் பெண்ணுக்கு அது இப்படி இருக்கும்: பதினைந்தாம் நாளிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்கு வாசலில் பத்து நிமிடம் உட்கார வேண்டும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். மூன்று நாள் கழித்து மருமகள் கொண்டுவரும் அன்றைய வியாபாரக் கணக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வேலை சின்னதாக, நேரம் குறித்ததாக, அவருடைய பழைய வாழ்க்கையிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். 'மனசைச் சந்தோஷமா வச்சுக்கோங்க' என்று சொல்வதால் ஒன்றும் நடக்காது. அது முடியவில்லையே என்ற குற்றவுணர்வைத்தான் கூட்டும்.

ஓயாத கவலைக்கு வேறு வழி. மாலை ஆறிலிருந்து ஆறேகால் வரை கவலைக்கென்று நேரம் ஒதுக்குவது. மற்ற நேரத்தில் வரும் கவலையை ஒரு சொல்லாக எழுதிவைத்து, 'ஆறு மணிக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிவைக்க வேண்டும். ஆறு மணிக்கு ஒவ்வொன்றாக எடுத்து, இதற்கு நான் செய்யக்கூடியது உண்டா என்று கேட்க வேண்டும். காப்பீட்டு அட்டை புதுப்பிக்கவில்லை என்பதற்குச் செய்ய ஒன்று உண்டு. அடுத்த ஸ்கேனில் என்ன வரும் என்பதற்கு இல்லை. இதைப் படுக்கையில், படுக்கும் முன் செய்யக் கூடாது; பலருக்கும் இது பலிக்காமல் போவது அந்தக் காரணத்தால்தான்.

அம்மாகிட்ட புற்றுன்னே சொல்லல. 'சின்னக் கட்டி, கரைக்க ஊசி போடுறாங்க'ன்னு சொல்லியிருக்கோம். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்களே?

அன்பினால் செய்வது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லிவிடுவார், முடி கொட்டியதும் தானாகத் தெரியும், போர்டில் எழுதியிருக்கும். பெரும்பாலான அம்மாக்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று தெரியாத மாதிரி இருப்பார்கள். இரண்டு பக்கமும் நடித்துக்கொண்டு ஒரே வீட்டில் இருப்பது நோயாளியைத் தனியாக்கிவிடும். தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லக்கூட அவருக்கு ஆள் இல்லாமல் போகும். மனச்சோர்வுக்கு அது நல்ல விளைநிலம்.

ஒரேயடியாகப் போட்டு உடைக்கவும் தேவையில்லை. வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில், கீமோ போட்ட முதல் வாரத்தைத் தவிர்த்து, 'உனக்கு என்னன்னு நினைக்கிறம்மா?' என்று கேளுங்கள். பதில் வந்தபின், 'டாக்டர் சொன்னதை முழுசா தெரிஞ்சுக்கணுமா, இல்ல நாங்களே பார்த்துக்கட்டுமா?' என்று கேளுங்கள். நீங்களே பார்த்துக்குங்க என்றால் அது அவர் முடிவு, மதிக்க வேண்டும். தெரிஞ்சுக்கணும் என்றால் அடுத்த சந்திப்பில் டாக்டரே சொல்லட்டும், நீங்கள் கைப்பிடித்து உட்கார்ந்திருங்கள். சொன்ன முதல் சில நாள் அழுகை கூடும். அதைப் பார்த்து, சொன்னது தப்பு என்று பதறாதீர்கள்.

மனசுக்கு மாத்திரை கொடுத்திருக்காங்க. கீமோவோட சேர்ந்தா ஆபத்தா? காலம் முழுக்க சாப்பிடணுமா?

எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலைன் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் போதை தருபவை அல்ல. குறைந்த அளவில், எடுத்துக்காட்டாக எஸ்சிட்டாலோபிராம் 5 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து 10-க்கு ஏற்றுவார்கள். முதல் வாரம் குமட்டலும் லேசான படபடப்பும் வரலாம், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இந்த வரிசைதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது: தொந்தரவு முதலில் வருகிறது, பலன் பின்னால் வருகிறது. அதனால் ஐந்தாம் நாளே 'ஒத்துக்கல' என்று நிறுத்திவிடுகிறார்கள். பலன் கிடைத்த பிறகு குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்து எடுத்து, பிறகு டாக்டர் சொல்லும்படி சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தலாம்.

மார்பகப் புற்றில் ஒன்றை மறக்கக் கூடாது. பலருக்குப் பின்னாளில் டாமாக்சிஃபென் என்ற மாத்திரை வருடக்கணக்கில் தருவார்கள். கல்லீரல் அதை மாற்றிக் கொடுத்தால்தான் அது முழுமையாக வேலை செய்யும். பராக்ஸிடின், ஃப்ளூவாக்ஸிடின் என்ற இரண்டு மனச்சோர்வு மருந்துகளும் அந்த மாற்றத்தைப் பலமாகத் தடுக்கும். எஸ்சிட்டாலோபிராம், வென்லாஃபாக்ஸின் ஆகியவற்றில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. வென்லாஃபாக்ஸின் டாமாக்சிஃபெனால் வரும் உடல் அனலையும் குறைக்கும். எனவே வெளியில் வேறொரு டாக்டரிடம் மனநல மருந்து வாங்கினால், 'டாமாக்சிஃபென் சாப்பிடுறாங்க' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரானும் எஸ்சிட்டாலோபிராமும் சேரும்போது இதயத்துடிப்பைப் பார்க்க ஒரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லலாம்; அது வழக்கமான முன்னெச்சரிக்கை.

பயப்பட வேண்டிய மாத்திரை வேறு: மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் ஆல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள். முதல் நாளே தூங்க வைப்பதால் நல்ல மருந்து என்று தோன்றும். சில வாரங்களில் அது இல்லாமல் தூக்கம் வராது. வலிக்கு மார்ஃபின் எடுப்பவர் இதையும் சேர்த்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு.

கீமோ போட்டுட்டு வந்தா ராத்திரி ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறாங்க. நடந்துகிட்டே இருக்காங்க. இது பயமா?

பயமாக இல்லாமலும் இருக்கலாம், மருந்தாக இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையை இரவில் போட்டால் தூக்கம் போய்விடும். டாக்டர் அனுமதித்தால் மத்தியானம் இரண்டு மணிக்குள் அன்றைய அளவை முடித்துவிடுங்கள். இன்னொன்று, வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு. சிலருக்கு அது கால்களில் ஒருவித இருப்புக்கொள்ளாமையை உண்டாக்கும். உட்கார்ந்தால் எழச் சொல்லும், படுத்தால் காலை ஆட்டச் சொல்லும். 'உள்ளுக்குள்ள யாரோ பிறாண்டுற மாதிரி இருக்கு' என்பார்கள். மருந்து தொடங்கிய சில மணி நேரத்திலோ சில நாளிலோ இது வந்தால், வார்டுக்கு போன் செய்து மருந்தை மாற்றித் தரக் கேளுங்கள். இதைப் பதற்றம் என்று நினைத்துத் தூக்க மாத்திரை கொடுப்பது வழக்கமான தவறு.

ஒரே நாளில் ஆள் மாறி, பகலில் மந்தமாகவும் இரவில் குழப்பமாகவும் இருந்தால் அது மனச்சோர்வே இல்லை. கிருமித் தொற்று, சோடியம் குறைவு போன்றவற்றால் மூளை தடுமாறுகிறது. காய்ச்சலும் சேர்ந்தால் விடியும் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

'நான் போய்ச் சேர்ந்தா உங்களுக்கு நிம்மதி'ன்னு சொல்றாங்க. கேட்டா இன்னும் தூண்டிவிட்ட மாதிரி ஆயிடுமோ?

ஆகாது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பலரை நிறுத்துகிறது. 'சீச்சீ, அப்படிச் சொல்லாத' என்று வாயை அடைக்காமல், 'உயிரை விட்டுடலாம்னு தோணுதாம்மா? எப்படின்னு யோசிச்சியா?' என்று கேளுங்கள். கடவுள் எடுத்துக்கொண்டால் தேவலை என்ற அலுப்பு ஒன்று. வழி யோசித்து வைத்திருப்பது இன்னொன்று. இரண்டையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டாவது என்றால் அன்றே, தனியாக விடாமல், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்; 108-ஐக் கூப்பிடலாம். வீட்டில் உள்ள மாத்திரைகள், முக்கியமாக வலி மருந்தும் தூக்க மாத்திரையும், பூட்டிவைத்து அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். மற்ற நச்சுப் பொருள்களை வீட்டை விட்டே அகற்றுங்கள்.

வலி கட்டுக்குள் இல்லாததும் கடன் பயமும் இந்தப் பேச்சுக்குப் பின்னால் அடிக்கடி இருக்கும். வலிக்கு மருந்தை ஏற்றச் சொல்லிக் கேட்பதும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செலவு எவ்வளவு அடங்குகிறது என்று அம்மாவுக்கே எண்ணிக் காட்டுவதும் பாதி மனநலச் சிகிச்சை.

அம்மாவைப் பார்த்துக்கிற எனக்கே தூக்கம் போச்சு. நானும் காட்டலாமா?

காட்டலாம், அதே பிரிவில் உங்கள் பெயரில் தனிச் சீட்டு போட்டுக்கொள்ளுங்கள். அதே இரண்டு வாரக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும். வாரத்தில் ஒரு கீமோ அல்லாத நாள், நான்கு மணி நேரம், அண்ணனோ சித்தியோ மாற்றாக உட்கார வேண்டும் என்று பெயரும் கிழமையும் எழுதிவைத்துக்கொண்டால்தான் நடக்கும். 'ஏதாவது உதவி வேணும்னா சொல்லு' என்பவர்களிடம் அந்தக் கிழமையைச் சொல்லுங்கள்.

சிகிச்சை முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. ஆனா செக்கப் தேதி வந்தாலே ஒரு வாரம் முன்ன இருந்து தூக்கமில்ல. முதுகு வலிச்சாலும் திரும்ப வந்துடுச்சோன்னு பயம்.

சிகிச்சை முடிந்த பிறகு பயம் கூடுவது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. சிகிச்சையின்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்த்தார். இப்போது மாதக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை, அதுதான் காரணம். செக்கப்புக்கு ஒரு வாரம் முன் தொடங்கி, ரிசல்ட் வந்ததும் இறங்கிவிடும் பயத்துக்குத் தனி மருந்து தேவையில்லை. ஸ்கேன் எடுக்கும் நாளும் ரிசல்ட் சொல்லும் நாளும் அருகருகே இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். நடுவில் ஒரு வாரம் என்பது வீண் வேதனை. ரிசல்ட் நன்றாக வந்தும் ஒரு மாதமாகப் பயம் இறங்கவில்லை, தினமும் பலமுறை மார்பைத் தடவித் தடவிப் பார்க்கிறார், அல்லது பயத்தினாலேயே செக்கப்புக்குப் போகாமல் இருக்கிறார் என்றால் ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

உடம்பில் வரும் ஒவ்வொரு வலிக்கும் ஓடவும் வேண்டாம், எல்லாவற்றையும் பயம் என்று ஒதுக்கவும் வேண்டாம். புதிய கட்டி, மூச்சிரைப்பு, வலிப்பு, கால் மரத்துப்போவது ஆகியவற்றுக்குத் தேதி பார்க்காமல் உடனே காட்டுங்கள். சாதாரண முதுகு வலி என்றால் தொடங்கிய நாளை எழுதிவையுங்கள். இரண்டு வாரத்தில் குறையாமல், இரவில் படுத்தாலும் விடாமல், ஒரே எலும்பில் குத்திக்கொண்டிருந்தால் செக்கப் தேதிக்கு முன்பே அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். தண்ணீர்க் குடம் தூக்கிய மறுநாள் வந்து, ஐந்தாம் நாள் போய்விட்ட வலியையும் அதே நோட்டில் குறித்துவையுங்கள்; அடுத்த முறை பயம் வரும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.